வெளியே இரண்டு பேர்தான்: 20 ஓவர் மேட்சுக்கு முதல்முறை டீம் இறக்குபவர்களுக்கு

குன்னூர் பக்கம் எஸ்டேட் பசங்களைச் சேர்த்து நாங்கள் ஒரு டீம் வைத்திருக்கிறோம். பல வருஷம் டென்னிஸ் பந்தில்தான் ஆடினோம். எட்டு ஓவர், பத்து ஓவர் மேட்ச். ஃபீல்டரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்வோம். முதல் பந்திலேயே ஆறு பேர் பவுண்டரியில் நிற்பார்கள், யாரும் கேட்டதில்லை. போன வருஷம் முதல்முறையாக லெதர் பால், 20 ஓவர், பவர்பிளே உண்டு, அதாவது முதல் சில ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்தான் நிற்கலாம் என்று அறிவித்த ஒரு டோர்னமென்டில் பேர் கொடுத்தோம். முதல் மேட்சை 9 ரன்னில் தோற்றோம். அதில் 11 ரன் ஒரே இடத்தில் போனது. ஐந்தாவது ஓவரின் முதல் பந்து வீசும்போது எங்கள் ஆட்கள் மூன்று பேர் வட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார்கள். நோ பால். அந்தப் பந்திலேயே பவுண்டரி. அடுத்து ஃப்ரீ ஹிட், அதில் சிக்ஸ். அந்த இரண்டில் ஓவர் கணக்கில் வந்த பந்து ஒன்றுதான்.

தோற்றது திறமைக் குறைவால் என்றால் மனம் ஆறியிருக்கும். விதி தெரியாமல் தோற்றதால்தான் அதற்குப் பிறகு உட்கார்ந்து இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது டீம் இறக்கப்போகிற மற்ற எஸ்டேட், ஹட்டிப் பசங்களுக்கு இது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். கேப்டனாக நிற்கப்போகிறவர் முழுதும் படியுங்கள். ஓப்பனிங் இறங்குகிறவர் ஐந்தாவது பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

1. பேர் கொடுக்கும்போதே விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள்

என்ட்ரி ஃபீஸ் கட்டும் அன்றே ஆட்ட விதிகள் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். தாளே இல்லை, "எல்லாம் நார்மல் ரூல்ஸ்தான்" என்று சொன்னால், கீழே உள்ள கேள்விகளை எழுதிக் கொண்டுபோய் பதிலையும் அதே பேப்பரில் எழுதி வாங்குங்கள். மேட்ச் அன்று மைதானத்தில் நின்று வாதாடி எதுவும் ஆகாது.

சர்வதேச 20 ஓவர் ஆட்டங்களில் இருப்பது இதுதான். முதல் ஆறு ஓவர் பவர்பிளே. அந்த ஆறு ஓவரில் பந்து வீசும் நொடியில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஏழாவது ஓவரிலிருந்து ஐந்து பேர் வரை வெளியே நிற்கலாம். இவை தவிர எப்போதுமே பொருந்தும் இரண்டு தடை உண்டு. லெக் சைடில் மொத்தம் ஐந்து பேருக்கு மேல் கூடாது. லெக் சைடிலேயே பேட்ஸ்மேனின் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் கூடாது. இதில் எதை மீறினாலும் நோ பால், அடுத்து ஃப்ரீ ஹிட்.

கேட்க வேண்டியவை: பவர்பிளே எத்தனை ஓவர்? சில உள்ளூர் டோர்னமென்டில் நான்கோ ஐந்தோதான் வைக்கிறார்கள். மேட்ச் ஓவர் குறைந்தால் பவர்பிளே எப்படிக் குறையும்? ஒரு பவுலருக்கு நான்கு ஓவர்தானா? ஃபீல்டிங் தவறால் வரும் நோ பாலுக்கும் ஃப்ரீ ஹிட் உண்டா? ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை நிமிடம்? இந்த ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால் மீதியைத் திட்டம் போடலாம்.

2. வட்டம் எங்கே இருக்கிறது என்று காலால் தெரிந்துகொள்ளுங்கள்

வட்டம் என்று சொல்கிறோம், உண்மையில் அது முழு வட்டம் இல்லை. இரண்டு முனையிலும் நடு ஸ்டம்பை மையமாக வைத்து 30 கெஜத்தில், அதாவது 90 அடியில், ஒவ்வொரு அரைவட்டம். இரண்டையும் பிட்சுக்கு இணையாக இரண்டு நேர்கோட்டால் சேர்த்துவிட்டால் நீள்வட்டம் போல வரும். பெரிய மைதானங்களில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளை வில்லை வைப்பார்கள். கணக்குப் போட்டால் சுமார் 46 வில்லை வரும்.

பிராக்டிஸுக்கு அதை வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. 90 அடிக் கயிறு ஒன்று, ஒரு முளைக்குச்சி, கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் போதும். ஒருவர் ஸ்டம்ப் இடத்தில் முளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கயிற்றை இழுத்தபடி நடந்து ஒவ்வொரு 15 அடிக்கும் ஒரு பிடி சுண்ணாம்பு வைத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. மிச்சக் காசை பந்துக்கு வையுங்கள். லெதர் பால் முந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை இருக்கிறது. பிராக்டிஸில் பழைய பந்தை மட்டும் போட்டுப் பழகிவிட்டு மேட்ச் அன்று புதுப் பந்தை முதல்முறை கையில் எடுத்தால், பவர்பிளே முடிகிறவரை பவுலருக்கு அது பிடிபடாது. இரண்டு புதுப் பந்தாவது பிராக்டிஸுக்கு ஒதுக்குங்கள்.

வட்டம் போட்டதும் ஒன்று கண்ணில் படும். நம் மலை மைதானங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் சரிவை வெட்டி எடுத்தவை. ஒரு பக்கம் பவுண்டரி தூரமாகவும், மறுபக்கம் ரோடோ தேயிலைச் சரிவோ வந்து கிட்டத்திலேயே முடிவதாகவும் இருக்கும். எங்கள் பிராக்டிஸ் மைதானத்தில் ரோட்டுப் பக்கம் வட்டத்திலிருந்து பவுண்டரிக்கு அறுபது அடிதான். அந்தப் பக்கம் உள்வட்ட ஃபீல்டரின் தலைக்கு மேல் போன பந்தைத் திரும்பி ஓடிப் பிடிப்பது நடக்காத காரியம். மறுபக்கம் நூறு அடிக்கு மேல், புல்லும் அடர்த்தி. அங்கே தூக்கியடித்த பந்து நடுவில் நின்றுவிடும், இரண்டு ரன்தான் வரும். மேட்ச் நடக்கும் மைதானத்துக்கு முன்னாலேயே ஒருமுறை போய் இந்த இரண்டு பக்கத்தையும் நடந்து அளந்து வாருங்கள். வெளியே நிற்கிற இருவரில் ஒருவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

3. பவுலரும் அந்த இருவரும் சேர்ந்துதான் ஒரு திட்டம்

நான் தவறாகப் புரிந்துவைத்திருந்தது இதைத்தான். ஃபீல்டிங் ஒன்று, பந்துவீச்சு வேறொன்று என்று நினைத்திருந்தேன். வெளியே ஐந்து பேர் இருந்தால் அப்படி நினைக்கலாம். பவுலர் கொஞ்சம் தப்பாகப் போட்டாலும் யாராவது ஒருவர் அங்கே இருப்பார். இரண்டே பேர் என்றால் மைதானத்தின் பெரும்பகுதி காலி. அதனால் பவர்பிளேயில் பவுலர் எல்லாவிதப் பந்தும் போட முடியாது. எந்த இரண்டு இடத்தில் ஆள் இருக்கிறதோ, அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் அடி போகும்படியான பந்தைத்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

ஒரு உதாரணம். வலதுகை வேகப்பந்து வீச்சாளர், வலதுகை பேட்ஸ்மேன். வெளியே தேர்ட் மேன் ஒருவர், டீப் ஸ்கொயர் லெக் ஒருவர். உள்ளே ஒரு ஸ்லிப், பாயின்ட், கவர், மிட் ஆஃப், மிட் ஆன், மிட் விக்கெட், ஷார்ட் ஃபைன் லெக். இந்த அமைப்பில் பவுலர் போட வேண்டியது குட் லெங்த்தைவிட ஒரு சாண் குறைவாகக் குத்தி, ஆஃப் ஸ்டம்பின் தலைக்கு எழும் பந்து. அதை கட் அடித்தாலோ எட்ஜ் ஆனாலோ தேர்ட் மேன் இருக்கிறார். இழுத்து புல் அடித்தால் டீப் ஸ்கொயர் லெக் இருக்கிறார். காலியாக இருப்பது நேர்ப்பக்கம், மிட் ஆஃபுக்கும் மிட் ஆனுக்கும் பின்னால். அங்கே அடிக்க பேட்ஸ்மேனுக்கு ஃபுல்லாக விழுந்த பந்து வேண்டும். அதைக் கொடுக்காதவரை அந்தக் காலியிடம் அவருக்குப் பயன்படாது. "பவுண்டரி போனா பரவாயில்ல, கட்டுல போகட்டும். நேரா மட்டும் போகக் கூடாது" என்று எங்கள் பவுலரிடம் சொல்லிவைத்தேன். அவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

சமவெளியில் இதே பவுலர் பந்தை ஃபுல்லாகப் போட்டு ஸ்விங்கை எதிர்பார்ப்பார். டிவியில் பார்ப்பதும் அதைத்தான். மலையில் அதை நம்ப வேண்டாம் என்பேன். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து வளைவதே காற்றின் அழுத்தத்தால்தான் என்பதால் இங்கே வளைவும் குறையும். அதே காரணத்தால் தூக்கியடித்த பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அதாவது ஃபுல்லாகப் போட்டால் கிடைக்கும் லாபம் குறைவு, கொடுக்கும் விலை அதிகம். மேட்டிங் விரித்த பிட்சாக இருந்தால் எழும்பல் நன்றாகக் கிடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

இனி இடதுகை பேட்ஸ்மேன் வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு சிங்கிளுக்கும் வெளியே நிற்கும் இருவரும் மைதானத்தைக் கடந்து ஓடினால் பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும், அதுவும் இந்த உயரத்தில். ஓட வேண்டாம் என்பதுதான் நல்ல செய்தி. மேலே சொன்ன டீப் ஸ்கொயர் லெக் நின்ற இடத்திலேயே நின்றால் இடதுகைக்காரருக்கு அவர் டீப் பாயின்ட். தேர்ட் மேன் அப்படியே நின்றால் இடதுகைக்காரருக்கு ஃபைன் லெக். உள்ளே ஷார்ட் ஃபைன் லெக்காக நின்றவர் ஷார்ட் தேர்ட் மேன் ஆகிவிடுவார். ஸ்லிப் மட்டும் கீப்பரின் அந்தப் பக்கம் மாறினால் போதும். பவுலர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். டீப் பாயின்ட் இருப்பதால் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குறைத்துக் குத்தலாம். லெக் பக்கம் ஸ்கொயராக வெளியே யாரும் இல்லாததால் உடம்புக்கு ஷார்ட் பால் போடக் கூடாது. இதைக் காகிதத்தில் ஒருமுறை வரைந்து எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் குழம்பும். எங்கள் லைன் வீட்டு வாசலில் தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கிக் காட்டினேன், அப்புறம்தான் எல்லோருக்கும் பிடிபட்டது.

இப்போது அந்த நோ பாலுக்கு வருகிறேன். முனை மாறும்போது வெளியே நிற்பவர் தூரமாக ஓட வேண்டியிருக்கிறதே என்று ஒரு முனைக்கு இருவர், மறுமுனைக்கு வேறு இருவர் என்று பிரித்துவைத்திருந்தேன். ஓவர் மாறினால் முதல் ஜோடி உள்ளே வரும், அடுத்த ஜோடி வெளியே போகும். யோசனை நல்லதுதான், இப்போதும் அதையே செய்கிறோம். அன்று முதல் ஜோடியில் ஒருவன் உள்ளே வர மறந்துவிட்டான். கீப்பருக்கு முன்னால் இருப்பவர்கள்தான் தெரியும். பவுலர் ஓட ஆரம்பித்துவிட்டார். நான் கவரில் நின்று பேட்ஸ்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணியது ஸ்கொயர் லெக் அம்பயர் மட்டும்தான்.

இப்போது நாங்கள் செய்வது இது. ஒவ்வொரு ஓவரின் முதல் பந்துக்கு முன்னாலும் நான் இரண்டு விரலைத் தூக்குவேன். வெளியே நிற்கிறவர்கள் மட்டும் கையைத் தூக்க வேண்டும். இரண்டு கை தெரிந்தால்தான் பவுலருக்குத் தலையசைப்பேன். மூன்றாவது கை தெரிந்தால் பந்து கிடையாது. ஐந்து நொடி ஆகும், அவ்வளவுதான். பவுண்டரிக்குத் துரத்திப் போன ஃபீல்டர் திரும்பி வரும்போதும் இதே சோதனை வேண்டும். பந்து வந்துவிட்டது என்று பவுலர் அவசரப்படுவார், துரத்தியவர் இன்னும் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருப்பார்.

ஃப்ரீ ஹிட்டில் இன்னொரு வலி காத்திருந்தது. நோ பால் ஆகிவிட்டதே, சிக்ஸ் அடிப்பான் என்று மிட் ஆஃபை பவுண்டரிக்கு அனுப்பினேன். அம்பயர் தடுத்தார். ஃப்ரீ ஹிட்டுக்கு பேட்ஸ்மேன் மாறாவிட்டால் ஃபீல்டையும் மாற்ற முடியாது. ஃபீல்டிங் மீறலால் வந்த நோ பால் என்றால் அந்த மீறலைச் சரிசெய்ய எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் மாற்றலாம். அதிகமாக நின்ற ஒருவனை உள்ளே கூப்பிட்டேன். பந்து நேராக, காலியாக இருந்த லாங் ஆஃப் மேலே போனது.

4. ஆறு ஓவரை யாருக்குக் கொடுப்பது

ஒருவருக்கு நான்கு ஓவர் என்றால் சிறந்த பவுலரின் மூன்று ஓவரைப் பவர்பிளேயிலேயே தீர்த்துவிடாதீர்கள், நான்கையும் கடைசிக்குப் பதுக்கியும் வைக்காதீர்கள். எங்களுக்கு ஒத்துவந்தது இரண்டு இப்போது, இரண்டு கடைசியில். முதல் ஓவரும் மூன்றாவது ஓவரும் அவருக்கு. விக்கெட் விழுந்து புது பேட்ஸ்மேன் வந்திருந்தால் மட்டும் மூன்றாவதாக ஒரு ஓவர் கொடுப்போம். புதிதாக வந்தவர் கை பழகும்வரை ரிஸ்க் எடுக்க மாட்டார் என்பதால் அந்த ஓவருக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது ஓவருக்கு ஸ்பின்னரை வைக்கப் பயப்பட வேண்டாம். புதுப் பந்தின் வேகத்தையே பேட்ஸ்மேன் பவுண்டரியாக மாற்றுவார். ஸ்பின்னரிடம் அந்த வேகம் கிடைக்காது. நம் ஊர் வாஷிங்டன் சுந்தர் 2018 நிதாஹாஸ் கோப்பையில் பவர்பிளேயில் பந்துவீசித்தான் தொடர் நாயகன் ஆனார். ஆஃப் ஸ்பின் போடுகிறவர் என்பதற்காகப் பந்தைத் தூக்கிப் போட்டுச் சுழற்ற அவர் முயலவில்லை. தட்டையாக, வேகமாக, ஸ்டம்பை நோக்கிப் போட்டு பேட்ஸ்மேனுக்குக் கை வீச இடம் தராமல் வைத்திருந்தார்.

இப்படிப் போடும் ஸ்பின்னருக்கு வெளியே நிற்கும் இருவரையும் லெக் பக்கம் வையுங்கள். ஒருவர் டீப் மிட் விக்கெட், ஒருவர் டீப் ஸ்கொயர் லெக். உள்ளே லெக் பக்கம் மிட் ஆனும் ஷார்ட் ஃபைன் லெக்கும். மீதி ஐந்து பேரும் ஆஃப் பக்கம் உள்வட்டத்தில். லெக் சைடில் நான்கு பேர்தான் ஆகிறது, விதிக்குள் இருக்கிறோம். ஸ்பின்னருக்கு ஒரே கட்டளை, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகக் கூடாது. வெளியே போட்டால் பேட்ஸ்மேன் விலகி நின்று கவருக்கு மேல் தூக்குவார், அங்கே வெளியே யாரும் கிடையாது. காலை மேட்சில் ஒரு எச்சரிக்கை. ஒன்பது மணி வரை புல்லில் ஈரம் இருந்தால் பந்து சோப்பு மாதிரி வழுக்கும். ஒவ்வொரு பந்துக்கும் துடைக்கத் துண்டு ஒன்று மிட் ஆனிடம் இருக்கட்டும். அப்படியும் பிடி நிற்கவில்லை என்றால் ஸ்பின்னரை நான்காவது ஓவருக்குத் தள்ளுங்கள், அதற்குள் வெயில் ஏறிப் பந்து கொஞ்சம் காய்ந்திருக்கும்.

5. பேட்டிங்: முதலில் இருவரையும் தேடுங்கள்

ஓப்பனர்களுக்கு ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் வெளியே நிற்கிற இருவர் எங்கே என்று பார்த்து, மனதுக்குள் பேர் சொல்லிக்கொள்ள வேண்டும். "தேர்ட் மேன், ஸ்கொயர் லெக்." அதைச் சொன்னதும் பவுலர் என்ன போடப்போகிறார் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும், ஏனென்றால் நாம் மூன்றாம் பகுதியில் போட்ட அதே கணக்கைத்தான் அவரும் போட்டிருப்பார். ஒருவரை ஓவர் நடுவில் இடம் மாற்றினால் அடுத்த பந்து மாறப்போகிறது என்று அர்த்தம். தேர்ட் மேனை உள்ளே கூப்பிட்டு ஃபைன் லெக்கை வெளியே அனுப்பினால் உடம்பை நோக்கிய பந்து வரலாம். இதைக் கவனித்த நாளிலிருந்து எங்கள் ஓப்பனர் தம்பி ஷார்ட் பாலுக்கு அவுட் ஆவது குறைந்திருக்கிறது.

டென்னிஸ் பந்திலிருந்து வருகிறவர்கள் செய்யும் தப்பு, எல்லாப் பந்தையும் பவுண்டரிக்கு மேல் அனுப்பப் பார்ப்பது. பவர்பிளேயில் அவ்வளவு தூரம் தேவையே இல்லை. உள்வட்டத்தில் நிற்பவர் தலைக்கு மேல் போனால் போதும், பின்னால் யாரும் இல்லை, பந்து தானாக உருண்டு போகும். அவரைத் தாண்டி இருபது அடி பறந்தால் சரி. முழு வீச்சு வீச வேண்டாம், பந்தின் அடியில் மட்டையை நேராகக் கொண்டுபோய் மிட் ஆஃப் மேலே தள்ளினால் போதும். அரை வேகத்தில் அடிப்பதால் மிஸ் ஆவதும் குறைவு. பிராக்டிஸில் ஒரு பையனை மிட் ஆஃபில் கை தூக்கி நிற்கச் சொல்லி, அவன் கைக்கு மேல் போய் அவனுக்குப் பின்னால் இருபது அடிக்குள் விழும்படி முப்பது பந்து அடியுங்கள். சிக்ஸ் போனால் அது கணக்கில் கிடையாது.

இன்னொரு பக்கம், சிங்கிள் எடுப்பது பவர்பிளேயில் கஷ்டம். உள்ளே ஏழு பேர் நிற்கிறார்கள், எல்லோரும் சிங்கிளைத் தடுக்கவே நிற்கிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு டாட் பால் ஆனதும் பதறிப்போய் கண்டபடி சுற்றுவார்கள். பதற வேண்டாம். ஏழு பேர் கிட்டத்தில் நின்றால் ஓங்கி அடித்த பந்தைத் தடுக்க அவர்களுக்கு நேரம் இல்லை, இடைவெளியில் போனால் நான்குதான். சிங்கிள் வேண்டும் என்றால் வெளியே ஆள் நிற்கிற பக்கம் அடியுங்கள். தேர்ட் மேன் வெளியே இருந்தால் அங்கே தட்டிவிட்டு நடந்தே ஒரு ரன் எடுக்கலாம். ஓவருக்கு ஒன்று இரண்டு அப்படி வந்தால் டாட் பால் பயம் போய்விடும்.

எவ்வளவு ரன் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று டெல்லியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் ஆறு ஓவரில் விக்கெட் இழக்காமல் 125 எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் பையன் ஒருவன் மூன்றாவது பந்திலேயே இறங்கி வந்து அடித்து ஸ்டம்பிங் ஆனான். ஓரளவு சமமான டீமோடு மோதும்போது எங்கள் குறி 45, ஒரு விக்கெட்டுக்கு மேல் போகாமல். ஒரு மேட்சில் அது வந்த விதம்: முதல் ஓவர் 5, அவர்களின் நல்ல பவுலர், நாங்கள் தொடவில்லை. இரண்டாவது 8, மிட் ஆஃப் மேலே ஒரு நான்கு, மீதி தேர்ட் மேனுக்குத் தட்டியது. மூன்றாவது 4, ஒரு விக்கெட் போனது. நான்காவது ஓவருக்கு அவர்கள் மூன்றாவது பவுலரைக் கொண்டுவந்தார்கள். அவருக்காகத்தான் காத்திருந்தோம், 11. ஐந்தும் ஆறும் ஒன்பது ஒன்பது. மொத்தம் 46. ஒவ்வொரு டீமிலும் பவர்பிளேயில் போட விரும்பாத ஒரு பவுலர் கட்டாயம் போட்டாக வேண்டிவரும். அவர் யார் என்று முந்தைய மேட்சைப் பார்த்துத் தெரிந்துகொண்டு ரிஸ்க்கை அவரிடம் எடுங்கள்.

ஓப்பனிங் ஜோடியில் ஒருவர் இடதுகையாக இருந்தால் நல்லது. மூன்றாம் பகுதியில் சொன்ன ஏற்பாட்டைச் செய்யாத டீம் ஒவ்வொரு சிங்கிளுக்கும் ஓடும். யாராவது ஒருவர் வெளியே மிச்சம் நிற்பார். அம்பயர் நோ பால் கொடுப்பார், ஃப்ரீ ஹிட் உங்களுக்கு.

6. மஞ்சு இறங்கினால் பவர்பிளே சுருங்கும்

மலையில் ஆடுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் பவுலருக்கு கீப்பரே தெரிய மாட்டார். ஒரு மணி நேரம் காத்திருந்து, 20 ஓவர் மேட்சை 14 ஆகக் குறைத்து ஆரம்பிப்பார்கள். அப்போது பவர்பிளேயும் குறையும். எல்லோரும் ஆறு ஓவர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சர்வதேச விதியில் 2025 ஜூலையிலிருந்து பந்துக் கணக்காக, மொத்த ஓவரில் 30 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். 14 ஓவர் என்றால் 84 பந்து, அதில் 30 சதவீதம் சுமார் 25 பந்து. ஆகவே 4.1 ஓவர். 10 ஓவர் மேட்ச் என்றால் சரியாக 3 ஓவர். 8 ஓவர் என்றால் 2.2. அதற்கு முன் முழு ஓவராக எண்ணும் பட்டியல் இருந்தது, 14 ஓவருக்கு 4 ஓவர் என்று வரும். உங்கள் டோர்னமென்ட் எதைப் பின்பற்றுகிறது என்று விதித்தாளில் பாருங்கள். முதல் பகுதியில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

4.1 என்றால் ஐந்தாவது ஓவரின் முதல் பந்து மட்டும் பவர்பிளே. அடுத்த ஐந்து பந்துக்கு ஐந்து பேர் வெளியே போகலாம். இந்த ஓவரை யாருக்குக் கொடுப்பது என்று முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் ஸ்பின்னருக்குக் கொடுத்தோம். முதல் பந்து ஸ்டம்பில் தட்டையாக. அந்தப் பந்து முடிந்ததும் அம்பயரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டு, லாங் ஆஃப், லாங் ஆன், டீப் கவர் மூவரும் வெளியே போனார்கள். பேட்ஸ்மேன்கள் இன்னும் பவர்பிளே என்று நினைத்து நேராகத் தூக்கினார்கள், லாங் ஆனில் கேட்ச். அதே ஓவரை நீங்கள் பேட் செய்தால் முதல் பந்துதான் கடைசி வாய்ப்பு, மனதில் வையுங்கள்.

பவுலர் ஒதுக்கீடும் மாறும். 14 ஓவரில் நான்கு பேர் தலா மூன்று, ஒருவர் இரண்டு போடலாம். நான்கு ஓவர் போட வைத்திருந்தவருக்கு இப்போது மூன்றுதான். அதில் இரண்டைப் பவர்பிளேயிலேயே கொடுத்தால் கடைசிக்கு ஒன்றே மிஞ்சும். ஆட்டம் நடுவில் நின்று குறைந்தாலும் கணக்கு அதே நொடியில் மாறும். உதாரணமாக 5.2 ஓவர் ஆன பிறகு மஞ்சு வந்து 14 ஓவராகக் குறைத்தால், 4.1 ஏற்கனவே தாண்டிவிட்டதால் மீண்டும் ஆரம்பிக்கும் முதல் பந்திலிருந்தே பவர்பிளே கிடையாது. ஓவர் நடுவில் இருந்தாலும் சரி. ஃபீல்டிங் டீமாக இருந்தால் திரும்பி மைதானத்தில் இறங்கும்போதே ஐந்து பேரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

டாஸ் ஜெயித்தால்? வடகிழக்குப் பருவமழை மாதங்களில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மதிய மேட்ச் என்றால் நான் இரண்டாவது பேட் செய்யவே விரும்புவேன். எத்தனை ஓவர், பவர்பிளே எத்தனை பந்து என்பது தெரிந்த பிறகு துரத்தலாம்.

7. நேரத்தை ஸ்கோரரிடம் எழுதி வையுங்கள்

சர்வதேச ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸுக்கு 85 நிமிடம். அதற்குள் கடைசி ஓவரை ஆரம்பிக்காவிட்டால், மிச்சமுள்ள பந்துகளுக்கு வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேர்தான். இந்த விதியை எடுத்துக்கொண்ட உள்ளூர் டோர்னமென்டில் ஒருமுறை மாட்டினோம். நேரம் போனது கடைசியில் இல்லை, பவர்பிளேயில். ஃபீல்டை மாற்றி மாற்றி முதல் ஆறு ஓவருக்கே 34 நிமிடம் எடுத்திருந்தோம். 85 நிமிடத்தை 20 ஓவருக்குப் பிரித்தால் ஆறு ஓவருக்கு 25, 26 நிமிடம்தான் வரும்.

முதல் பந்து வீசிய மணியை ஸ்கோரர் எழுதி வைக்கட்டும். மூன்றாவது ஓவர் முடிவிலும் ஆறாவது முடிவிலும் எத்தனை நிமிடம் ஆனது என்று வெளியிலிருந்து கத்திச் சொல்லட்டும். 13, 26. எங்கள் ஸ்கோரர் பையன் தொப்பியைத் தூக்கினால் சரியான நேரம், ஸ்வெட்டரைச் சுழற்றினால் தாமதம். ஸ்வெட்டர் சுழன்றால் அடுத்த ஓவரை ஸ்பின்னருக்குக் கொடுத்துவிடுவேன்.